அம்புக்குறி என்ன சொல்கிறது?

கச்சிபௌலியிலுள்ள ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலும் பார்வையற்ற தமிழ் மாணவர் ஒருவருக்காக, சக மாணவரின் கையெழுத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து தருகிறேன். அவரது கணினி எழுத்தை வாசித்துக் காட்டும். கையால் வரைந்த படத்தை வாசிக்காது.

ஒரு பக்கத்தில் மூன்று அம்புகள் இருந்தன. 'வருமானம்' அருகே மேல்நோக்கிய அம்பு, உயர்வு. அடுத்த அம்பு, 'அதனால்'. படத்திலுள்ள அம்போ, தேவைக் கோடு இடம்பெயர்வதைக் காட்டியது. ஆகவே இப்படி எழுதினேன்: "வருமானம் உயர்ந்தால், அதே விலையிலும் மக்கள் கூடுதலாக வாங்குவர், தேவைக் கோடு முழுவதும் வலப்புறம் நகரும்." விலை குறைவதால் கூடுதலாக வாங்குவது வேறு, அப்போது கோடு நகராது, அதன் மீதே கீழிறங்குகிறோம். வெறுமனே 'அம்பு' என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

படத்தைச் சொல்ல ஒரு வரிசை உண்டு. செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு. பிறகு கோடுகள், வெட்டும் புள்ளி, கடைசியில் மாற்றம். அடிக்கோடிட்ட வரிக்கு முன் 'அடிக்கோடிட்டது' என்று சேர்ப்பேன். விளங்காத அம்பை ஊகிக்காமல், எழுதியவரையே கேட்பேன்.

முடிந்ததும், படத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாசித்து வரையச் சொல்வேன். புதிய வெட்டுப்புள்ளி பழையதற்கு வலப்புறம் மேலே விழுந்தால், எழுதியது சரி.