விபத்து இழப்பீடும் எதிர் வாகனத்தின் காப்பீடும்

இருசக்கர வாகன விபத்தில் காயமுற்றவரை அழைத்து வரும் உறவினர்கள், காவல் நிலைய அலைச்சலுக்கு அஞ்சி, "வண்டி வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவது உண்டு. அச்சொற்களே விபத்துப் பதிவேட்டில் ஏறுகின்றன. பின்னர் இழப்பீடு கோரும்போது, வேறு வாகனம் மோதவே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட அவ்வரி ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடியே, மோதிய வாகனத்தின் வகையையும், தெரிந்தால் அதன் எண்ணையும் சேர்த்துக் கூறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அவ்வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கு உரிமையாளர் தர வேண்டிய தொகையை அக்காப்பீடே ஏற்கிறது. எனவே, எதிர் வாகன ஓட்டுநரின் கவனக்குறைவால் காயமுற்றவர், உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய இயலும். விபத்து நாளில் காப்பீடு நடப்பில் இல்லையெனில் பொறுப்பு உரிமையாளரையே சாரும். காயமுற்றவர் மீதும் தவறு இருப்பின், அதற்கேற்ற விகிதத்தில் தொகை குறையும்.

தொகை எவ்வாறு கணிக்கப்படுகிறது? 34 வயதுடைய கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். முழங்கால் முறிவால் சாரத்தில் ஏற இயலாது போகிறது. மருத்துவக் குழு காலின் இயலாமையை 40 சதவீதம் என்று சான்றளிக்கிறது. தீர்ப்பாயம் அதை அப்படியே கொள்வதில்லை. அவருடைய தொழிலில் வருமானம் எவ்வளவு குறையும் என்றே பார்க்கும். அது 20 சதவீதம் என முடிவு செய்தால், ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாயை அவ்வயதுக்குரிய பெருக்கெண்ணாகிய 16-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதமாகிய 5,76,000 ரூபாயை வருமான இழப்பாகக் கொள்ளும். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலியும் வேதனையும் ஆகியவற்றுக்கான தொகைகள் இதனுடன் சேரும். மேசைப் பணியாளர் ஒருவருக்கு அதே காயத்தால் வருமான இழப்பு மிகக் குறைவாகவே கணிக்கப்படலாம். ஆகையால் தமது பணி எத்தகையது என்பதை மருத்துவரிடமும் தீர்ப்பாயத்திலும் விளங்கச் சொல்லுதல் வேண்டும்.

விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி. சிகிச்சை முடியட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. பிற்காலச் செலவுச் சீட்டுகளையும் இயலாமைச் சான்றையும் விசாரணையின்போது அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், விடுவிப்புச் சுருக்கம், மூலப் பற்றுச்சீட்டுகள், ஊடுகதிர்ப் படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள். எங்கள் பதிவேட்டில் உள்ள பெயரும் தேதியும் காவல் துறையின் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்பதை வீடு திரும்பும் முன்னரே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.