ஈரக்காற்றில் பழசாகாத ரொட்டி
அடுப்படி அறிவு – 9

தாம்பரம், பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பிரெட் புட்டிங் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பண்டம். மீந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, அவனில் வைத்துச் சுட்டு எடுப்பது. மேலே பொன்னிறமாக முறுகி, கீழே கஸ்டர்ட் தனியாக, கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட வேண்டும். பலர் வீட்டில் அது அப்படி வருவதில்லை. ஒரே பசையாக, களி போல வரும். இல்லையென்றால் மேலே காய்ந்த ரொட்டி, கீழே தண்ணீர் என்று பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ரொட்டியிலேயே இருக்கிறது.

இரண்டு மூன்று நாள் பழைய ரொட்டி எடுக்கச் சொல்கின்றன ஆங்கிலச் சமையல் புத்தகங்கள். குளிர்நாட்டுச் சமையலறையில் எழுதியது அது. சேலையூரில் ஐப்பசி மாதத்தில் ஒரு பாக்கெட் ரொட்டியை மேடையில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ரொட்டி விறைப்பதற்கு முன் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும். நம் ஊரில் ரொட்டி தானாகப் பழசாகும் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் பழசாக்க வேண்டும்.

ரொட்டி பழசாவதும் ரொட்டி காய்வதும் ஒன்றல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ 1852-லேயே இதைக் காட்டினார். ஈரம் வெளியேறாதபடி ரொட்டியை மூடி வைத்தார். அப்போதும் அது விறைத்தது. மாவில் இருக்கும் ஸ்டார்ச், சுடும்போது நீரைக் குடித்து இளகுகிறது. ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் இறுகிப் படிகமாகிறது. அதனால்தான் நேற்றைய ரொட்டியில் ஈரம் இருந்தும் கடித்தால் பொலபொலவென்று உதிர்கிறது. புட்டிங்குக்கு இந்த இறுக்கம் வேண்டும். ரொட்டியின் உள்ளே இருக்கும் துளைகளின் சுவர் உறுதியாக இருந்தால்தான் பால் உள்ளே போன பிறகும் துளை துளையாகவே நிற்கும். புது ரொட்டியில் சுவர் இளசு. பால் பட்டதும் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்தக் களி. காய்ந்திருப்பதும் வேண்டும்: ஈரம் போன இடத்தில்தான் பால் நுழையும்.

முதல் காரியம், கடையில் சரியான ரொட்டியைக் கேட்டு வாங்குவது. கேம்ப் ரோட்டில் நான் வாங்கும் பேக்கரியில், “நேத்து சுட்டது இருக்கா அண்ணே? ஸ்லைஸ் போடாததா குடுங்க” என்றுதான் கேட்பேன். “இன்னிக்குச் சூடா வந்தது இருக்கே சார், அதை எடுத்துக்கோங்க” என்பார் அவர், நல்ல எண்ணத்தில். வேண்டாம். ஸ்லைஸ் போடாத சாதா ரொட்டியை வாங்கினால் ஒரு விரல் தடிமனுக்கு நாமே வெட்டிக்கொள்ளலாம். பாக்கெட்டில் வரும் மில்க் பிரெட் பல நாள் மெத்தென்று இருக்கும்படி கொழுப்பும் மிருதுவாக்கிகளும் சேர்த்தது. அதை விறைக்க வைப்பது கடினம். அதுதான் கிடைத்தது என்றால் ஊறும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்; அதில் இனிப்பும் இருக்கும் என்பதால் சர்க்கரையில் ஒரு ஸ்பூன் கழியுங்கள்.

வெட்டிய துண்டுகளைக் கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மூடாமல், ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதே என்று சொல்வது எந்தக் காரணத்துக்காகவோ அதே காரணத்துக்காகத்தான் இங்கே வைக்கிறோம். உறையாத குளிரில் ஸ்டார்ச் வேகமாக இறுகும். உள்ளே சுற்றும் வறண்ட காற்று ஈரத்தையும் இழுத்துவிடும். பூஞ்சணத்துக்கு நேரம் கிடைக்காது. அவசரமென்றால் அவனில் 100 டிகிரியில் கால் மணி நேரம் நிறம் மாறாமல் காயவைக்கலாம். ஆனால் சூடு பட்டால் ஸ்டார்ச் மறுபடி இளகும். அப்போது கிடைப்பது காய்ந்த ரொட்டி மட்டுமே. எனக்கு ராத்திரி முறைதான் உயர்வு. 200 கிராம் ரொட்டி 170 கிராம் அளவுக்கு இறங்கினால் போதும். ரஸ்க் மாதிரி ஆகிவிட்டால் அளவு மீறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பூஞ்சணம் ஒரு மூலையில் தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் குப்பையில் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். பூஞ்சணமே இல்லாமல் ரொட்டியின் நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் நூலாக இழுத்து, அழுகும் பழ வாடை வந்தால் அது ஒரு பாக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் சுடும் சூட்டையும் தாங்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் இந்தக் கேடு அதிகம். புட்டிங்கில் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

இனி ஊறவைப்பது. 200 கிராம் ரொட்டியை அப்படிக் காயவைத்துவிட்டு, அரை லிட்டர் பச்சை பாக்கெட் பால், மூன்று முட்டை, 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். நுரை வராமல் முட்டையோடு கலந்து வடிகட்டுங்கள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ரொட்டியை அடுக்கி, கலவையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஊற்றுங்கள். மீதியை அவனில் வைப்பதற்குச் சற்று முன் ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ரொட்டியே குடித்துவிட்டால் அடியில் நிற்க கஸ்டர்ட் ஏது?

எவ்வளவு நேரம்? கடிகாரத்தை நம்ப வேண்டாம். மில்க் பிரெட்டுக்குப் பத்து நிமிடம் போதும், சாதா ரொட்டிக்கு இருபது, கோதுமை ரொட்டிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக வறண்ட கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தினால் பால் கசிந்து, விட்டவுடன் ரொட்டி மெல்ல எழும்பினால் அதுதான் பதம். எழும்பாமல் அமுங்கியே கிடந்தால் நேரம் தாண்டிவிட்டது. உடனே அவனுக்கு அனுப்புங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டியிருந்தால் நம் ஊர் வெக்கையில் பச்சை முட்டைக் கலவையை வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மீதிக் கலவையை ஊற்றி, பாத்திரத்தை ஒரு பெரிய தட்டில் வைத்து, அரை உயரத்துக்கு வெந்நீர் விட்டு, 160 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம். இந்தக் கலவை 80 டிகிரியை ஒட்டி இறுகும்; அதற்கு மேல் அதிகம் போனால் முட்டை திரிந்து நீர் விடும். சுற்றிலும் நீர் இருக்கும்வரை ஓரம் அவ்வளவு சூடேறாது. பாத்திரத்தை லேசாக ஆட்டும்போது ஓரம் அசையாமல் நடு மட்டும் நடுங்கினால் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்சூடு முடித்துவிடும். நடுவும் கெட்டியாகும்வரை காத்திருந்தால் தட்டில் தண்ணீர் நிற்கும்.

வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மீந்ததை ஃபிரிட்ஜில் மூடிவைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அவன் இல்லாத வீடுகளுக்காக, இதையே குக்கரில் விசில் போடாமல் ஆவியில் இறுக வைப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.