வாய்ப்புண்ணும் நாக்கு எரிச்சலும்: வைட்டமின் குறைவு எப்போது காரணமாகிறது?

வாயில் புண் வந்ததும் மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பத்து வாங்கி விழுங்குவது நம் இல்லங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஒரு வாரத்தில் புண் ஆறிவிடுகிறது. மாத்திரைதான் ஆற்றியது என்று நம்புகிறோம். ஆனால் சாதாரண வாய்ப்புண் எந்த மருந்தும் இல்லாமலேயே 7 முதல் 14 நாள்களுக்குள் ஆறிவிடும் இயல்புடையது. எனவே, புண் ஆறியதை மட்டும் வைத்து வைட்டமின் குறைவு இருந்தது என்றோ, அது இப்போது தீர்ந்துவிட்டது என்றோ முடிவு செய்ய இயலாது. உண்மையாகவே வைட்டமின் குறைந்திருப்பவர்களுக்கு அந்தப் பத்து மாத்திரைகள் போதுவதுமில்லை. இவ்விரு நிலைகளையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதை இங்கே காண்போம்.

புண் வேறு, எரிச்சல் வேறு

கண்ணாடியின் முன் நல்ல வெளிச்சத்தில் நின்று வாயைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம் அல்லது அடிப்பகுதியில் சிறிய வட்டமான குழி தெரிந்து, அதன் நடுப்பகுதி வெண்மஞ்சளாகவும் சுற்றுவட்டம் சிவப்பாகவும் இருந்தால் அது சாதாரண வாய்ப்புண். மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியிலோ உள்நாக்கின் அருகிலோ இத்தகைய புண் தோன்றினால், வாயில் எதுவும் தெரியாமல் தொண்டையில் மட்டும் வலி எடுக்கும். எச்சில் விழுங்கவும் கடினமாக இருக்கும். கன்னத்தைக் கடித்துக்கொள்ளுதல், கூர்மையான பல், பொருந்தாத பல்செட், தூக்கமின்மை, மனவுளைச்சல், சிலருக்குப் பற்பசையில் உள்ள நுரைப்பொருள் ஆகியவை இப்புண்களைத் தூண்டக்கூடியவை. பலருக்கு எந்தக் காரணமும் புலப்படுவதில்லை.

வைட்டமின் குறைவில் காணும் நாக்கு இதிலிருந்து வேறுபட்டது. நலமான நாக்கின் மேற்புறம் வெல்வெட் துணிபோலச் சிறு மொட்டுகளால் நிறைந்திருக்கும். பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மொட்டுகள் தேய்ந்து, நாக்கு வழுவழுப்பாக மாறுகிறது. பி12 குறைவில் அது மாட்டிறைச்சிபோல் சிவந்தும், இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் வெளிறியும் காணப்படும். குழிப்புண் ஒன்றுகூட இல்லாதபோதும் ரசமும் காரக்குழம்பும் நாக்கில் பட்டவுடன் எரியும், சுவை மங்கும், உதட்டோரங்கள் வெடிக்கும். இத்துடன் குழிப்புண்களும் அடிக்கடி வந்து போகலாம்.

வாய் ஏன் முதலில் காட்டுகிறது?

வாயின் உட்தோல் ஓய்வின்றித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. பழைய செல்கள் உதிர, ஓரிரு வாரங்களுக்குள் புதிய செல்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. புதிய செல் உருவாக அதன் மரபுப்பொருள் இரட்டிக்க வேண்டும்; அதற்குப் பி12-உம் ஃபோலிக் அமிலமும் இன்றியமையாதவை. அவை குறையும்போது உதிர்வது நிற்பதில்லை, நிரப்புவதுதான் தாமதமாகிறது. அதனால் உட்தோல் மெலிந்து, சிறு உராய்வுக்கும் புண்ணாகிறது. தொண்டையின் உட்தோலும் இவ்வாறே மெலியக்கூடும் என்பதால், சளியும் காய்ச்சலும் இல்லாமலேயே தொண்டை கரகரத்து எரியலாம். இரும்புச்சத்து நெடுநாள் குறைந்திருந்தால், சோற்றுக் கவளம் தொண்டையில் தடைபடுவதுபோன்ற உணர்வும் வரலாம்.

‘வயிற்றுப் புண்தான் வாயில் தெரிகிறது’ என்னும் நம்பிக்கை

வயிற்றில் புண் இருப்பதால்தான் வாயில் புண் வருகிறது என்று பலரும் எங்களிடம் கூறுவதுண்டு. குடலில் நீடித்த அழற்சி உள்ள சில நோய்களில் வாய்ப்புண் வருவது உண்மையே. ஆனால் நாம் ‘அல்சர்’ என்று அழைக்கும் இரைப்பைப் புண் வாய்ப்புண்ணை உண்டாக்குவதில்லை. இந்த நம்பிக்கையால் சிலர், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். இதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உணவிலுள்ள பி12 புரதத்துடன் பிணைந்திருக்கிறது. அதை விடுவிக்க இரைப்பை அமிலம் தேவை. விடுபட்ட பி12, இரைப்பை சுரக்கும் ஒரு துணைப் புரதத்துடன் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை சென்று அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. அமிலம் குறைந்தால் முதற்படி தடைபடும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்வோரிடம் கடைசிப்படி தடைபடலாம். சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே அந்தத் துணைப் புரதத்தை அழித்துவிடுகிறது.

இனி உணவைப் பார்ப்போம். பி12 தாவர உணவில் இயல்பாக இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. வாய்ப்புண்ணுக்கு நாம் சமைக்கும் மணத்தக்காளிக் கீரை நல்ல உணவுதான். கீரைகளில் ஃபோலிக் அமிலம் உண்டு. ஆனால் பி12 குறைவை எந்தக் கீரையாலும் ஈடுசெய்ய முடியாது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். காப்பியில் கலக்கும் சிறிதளவு பால் கணக்கில் சேராது. உடலின் சேமிப்பு பல ஆண்டுகளுக்குப் போதும் என்பதால், வரவு நின்று வெகுநாள் கழித்தே குறை வெளிப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் நிலைகளை ஒன்றாக்கி ஓர் அம்மையாரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54, சைவ உணவினர், ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின், மூன்று ஆண்டுகளாகப் பான்டோப்ரசோல் உட்கொள்கிறார். எட்டு மாதங்களாக நாக்கு எரிகிறது. மாதம் இருமுறை புண் வருகிறது. காரம் பட்டால் தொண்டைவரை எரிகிறது. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடும் நாள்களில் சற்றுக் குறைவதுபோல் தோன்றி, மீண்டும் வருகிறது. கேட்டபோதுதான், கால் விரல்களில் மதமதப்பு இருப்பதையும், இருட்டில் நடக்கத் தடுமாறுவதையும் சொல்கிறார்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 கிராம். சிவப்பணுக்களின் சராசரி அளவு 108. வழக்கமாக இது 80 முதல் 100 வரை இருக்கும். பி12 அளவு 118 பிகோகிராம். 200-க்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் குறைவு என்று கொள்கிறோம். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சரியாக உள்ளன. கால் மதமதப்புக்கு நீரிழிவும் காரணமாக இருக்கலாம்; ஆயினும் இந்த அளவு பி12 குறைவு இருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் நீரிழிவின்மீது மட்டும் பழி போட முடியாது.

அவருக்கு 1000 மைக்ரோகிராம் பி12 ஊசி இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாளும், பின்னர் வாரம் ஒருமுறையும், அதன்பின் மாதம் ஒருமுறையும் தரப்படுகிறது. பான்டோப்ரசோல் தேவையா என்று ஆராய்ந்து, தேவையில்லை எனத் தெரிந்தபின் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. மெட்ஃபார்மின் தொடர்கிறது, அதற்குப் பதிலாகப் பி12 அளவை ஆண்டுதோறும் பார்க்கிறோம். முதல் இரு வாரங்களில் நாக்கு எரிச்சல் தணிகிறது. மொட்டுகள் மீண்டும் முளைக்கச் சில வாரங்களாகின்றன. இரண்டு மாதங்களில் ஹீமோகுளோபின் சீராகிறது. கால் மதமதப்போ பல மாதங்களுக்குப் பின்னும் முழுமையாக நீங்கவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டபின் எல்லாருக்கும் முழுமையாக மீள்வதில்லை என்பதால்தான் நாக்கின் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது என்கிறோம்.

மாத்திரை ஏமாற்றும் இடங்கள்

பி12 மிகக் குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தந்தால் இரத்தசோகை சீராவதுபோல் தோன்றும். ஆனால் நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும். மேலும், ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் இரத்தம் கொடுத்தால் பி12 அளவு உயர்ந்து காட்டி, குறைவு மறைந்துவிடும். எனவே முதலில் பரிசோதனை, பிறகு மருந்து என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் சிவப்பணுவின் அளவு இயல்பாகவே இருக்கலாம். ஆகவே இரண்டையும் பார்ப்பது நல்லது. பரிசோதனையில் குறைவு ஏதும் இல்லையெனில், சாதாரண பன்வைட்டமின் மாத்திரைகளால் புண் வருவது குறையும் என்று நாங்கள் உறுதி கூறுவதில்லை.

புண் உள்ள நாள்களில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து உணவுக்குப்பின் கொப்பளிக்கலாம். காரம், புளிப்பு, மிகுந்த சூடு ஆகியவற்றைத் தவிர்த்து, மோர்ச்சோறு, இட்லி போன்ற மென்மையான உணவை உண்ணலாம். வலி மிகுந்தால் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு பசையைப் புண் தோன்றிய முதல் ஓரிரு நாள்களிலேயே தடவத் தொடங்குவது பயன்தரும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஒரே இடத்தில் மூன்று வாரங்களுக்குமேல் ஆறாத புண், தடித்த ஓரம், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி ஆகியவை வைட்டமின் குறைவின் அடையாளங்கள் அல்ல. வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வாயைக் காட்டி, புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மற்றொன்று மாத்திரைகளைப் பற்றியது. மூட்டுவாதத்திற்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டியது. தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் முதலில் தோன்றும் அறிகுறிகளுள் ஒன்று வாய் முழுதும் புண். தைராய்டு மிகையாகச் சுரப்பதற்கான கார்பிமசோல் உட்கொள்வோருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். இவ்விரு நிலைகளிலும் அந்த மாத்திரையை மேலும் உட்கொள்ளாமல், அன்றே மருத்துவமனைக்கு வந்து இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களின் நாக்கு, தொண்டை எரிச்சலுக்குப் பூஞ்சைத் தொற்றும் காரணமாகலாம். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

வாய்ப்புண்ணுக்காக எங்களிடம் வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் தாமே வாங்கியவையும் அவற்றில் இருக்கட்டும். குறைவுக்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளோ அன்றாட உணவிலோதான் இருக்கிறது.