பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுப்பது?

பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால் நம்மில் பலர் நிறையக் காய் இருக்கிற குழியில்தான் கையை வைக்கிறோம். பெரும்பாலும் அங்கேதான் ஆட்டம் போகிறது. நான் பார்ப்பது குழியின் கனத்தை அல்ல, கடைசிக் காய் எங்கே விழும் என்பதைத்தான்.

எங்கள் வீட்டு விதி இது. ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளது நமக்கு. அதையடுத்தும் வெறுங்குழி வந்தால் மறுபடி துடைத்து எடுக்கலாம். இரண்டு வெறுங்குழி சேர்ந்து வந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

ஆட்டம் பாதியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள். கீழ்வரிசை நம்முடையது, இடமிருந்து வலமாக 1 முதல் 7. மேல்வரிசை எதிராளியுடையது, வலமிருந்து இடமாக 8 முதல் 14.

எதிராளி: 0 5 0 7 0 2 1
நாம்: 0 2 0 6 2 0 4

4ஆம் குழியில் 6 இருக்கிறதே என்று எடுத்தால், கடைசிக் காய் 10ஆம் குழியில் விழுந்து அந்த வெறுங்குழியையே அடைத்துவிடும். அடுத்த குழியின் 7 காயை நாம் ஜெயிக்க முடியாது, அள்ளிப் போடத்தான் வேண்டும். போச்சு! 7ஆம் குழியை எடுத்தால் 11இல் முடியும். 12ஐத் துடைத்து 13இல் உள்ள 5 கிடைக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 10 வெறுங்குழி, அதையடுத்து 7 காய். ஆகவே கடைசிக் காய் 9இல் விழ வேண்டும். 8இல் இருக்கிற ஒரு காய் அங்கே போகும். 8ஐ அள்ள வேண்டுமானால் முந்தைய கை 7இல் முடிய வேண்டும். 5இல் உள்ள 2 காய் அங்கே முடியும். 5ஐ எடுத்தால் 6, 7இல் போட்டு, 8ஐ அள்ளி 9இல் போடுகிறோம். 10ஐத் துடைத்து 7 காய், 12ஐத் துடைத்து 5 காய், மொத்தம் 12! அதன்பின் 14, 1 இரண்டும் காலி, ஆட்டம் நிற்கும். 2ஆம் குழியை எடுத்தாலும் 3, 4இல் போட்டு அதே 5க்குத்தான் வந்து சேரும். ஆனால் 5ஐயே எடுத்தால் 2ஆம் குழி அடுத்த கைக்கு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. கை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. போட்ட குழிகளில் ஒன்று கூடியிருக்கும், அள்ளிய குழிகள் காலியாகியிருக்கும். அவற்றைத் திருத்தி எண்ண வேண்டும். நாலு காய் சேர்ந்தால் "பசு" என்று எடுக்கிற வழக்கம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மேலே 5ஐ எடுத்த ஆட்டத்தில் எந்தக் குழியிலும் புதிதாக நாலு சேரவில்லை. வெறுங்குழிக்கு அப்புறம் ஒரே தடவைதான் எடுக்கலாம் என்கிற ஊரும் உண்டு. அங்கே நமக்கு 12 இல்லை, 7தான். அதனால் முதல் காயைப் போடுமுன் விதியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.