மூடிய ஓடும் திறந்த ஓடும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரை ஆழம் குறைந்தது. மணலும் சேறும் கலந்தது. இத்தகைய தரையில் புதைந்து வாழும் இரட்டை ஓட்டு உயிரி மட்டி. பாறைகளைப் பற்றி வாழும் அதன் உறவினத்தைக் கல்லுமக்காய் என்பர். இவற்றைச் சமைப்போர் ஓடு மூடியுள்ளதா, திறந்துள்ளதா என்பதை இருமுறை பார்க்கின்றனர். சமைப்பதற்கு முன் திறந்திருப்பதை ஒதுக்குகின்றனர். சமைத்த பின் மூடியிருப்பதை ஒதுக்குகின்றனர். இம்முரண்பாட்டுக்கான விடை மட்டியின் உடலமைப்பில் உள்ளது.

மட்டியின் இரு ஓடுகளும் முதுகுப்புறத்தில் மீள்தன்மையுடைய ஒரு நாரால் பிணைக்கப்பட்டுள்ளன. இந்நார் ஓடுகளை எப்போதும் திறக்கவே முயலும். உள்ளிருக்கும் வலிய மூடுதசைகள் சுருங்கி அவற்றை இழுத்து மூடுகின்றன. எனவே ஓட்டை மூடுவது உயிருள்ள தசையின் வேலை. திறப்பதற்கு அவ்வுயிரி உழைக்க வேண்டியதில்லை. இறந்த மட்டியின் தசை தளரும்போது ஓடு தானே விரிகிறது. திறந்திருக்கும் மட்டியை விரலால் தட்டினால், உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும், மூடாதது இறந்ததாகும். வெப்பமான கரையில் இறந்த மட்டியின் சதை விரைவில் கெட்டு நாற்றமெடுக்கும் என்பதால் அதனை அப்போதே நீக்கிவிட வேண்டும்.

இச்சோதனையில் தப்பிவிடும் ஒன்றும் உண்டு. சில வெற்று ஓடுகளுள் சேறு இறுகி, அவை உயிருள்ள மட்டி போலவே மூடிக்கிடக்கும். அத்தகைய ஓடு ஒன்று கொதிநீரில் பிளந்தாலும் பானை முழுவதும் சேறாகிவிடும். சந்தேகத்துக்குரிய மட்டியின் இரு ஓடுகளையும் விரல்களுக்கிடையே பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் சேறு நிறைந்தது நழுவும், உயிருள்ளது அசையாது.

அடுத்தது மணல் நீக்குதல். மட்டி நீரை உள்ளிழுத்து, உணவை வடிகட்டிக்கொண்டு, எஞ்சியதை வெளியேற்றும் இயல்புடையது. தூய கடல்நீரில் சில மணிநேரம் விட்டால் உள்ளிருக்கும் மணலைத் தானே கழித்துவிடும். கடல்நீர் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். நன்னீரில் இட்டால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். மணலும் உள்ளேயே தங்கிவிடும். நீண்ட நேரம் கிடந்தால் மட்டியும் இறக்கும். கல்லுமக்காயை ஓட்டுடன் சமைப்பதாயின் அதன் பற்றுநார்களையும் பிடுங்க வேண்டும். அவ்வாறு பிடுங்குவது உயிரியைக் காயப்படுத்துவதால், அடுப்பில் ஏற்றும் முன்பே அதனைச் செய்வது நன்று.

ஒரு கிலோ மட்டிக்கு அரைக் குவளை நீர் போதும். மட்டியே நீர் விடும். மூடியிட்டுப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களில் ஓடுகள் விரியத் தொடங்கும். வெப்பத்தால் மூடுதசை ஓட்டிலிருந்து விடுபட, நார் தன் வேலையைச் செய்கிறது. ஆயினும் ஓடு திறந்தவுடன் சதை முழுதும் வெந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அசுத்த நீரிலிருந்து சேரும் நுண்ணுயிரிகளை அழிக்கச் சதையின் நடுப்பகுதி 90 பாகை செல்சியசில் 90 நொடியேனும் இருத்தல் வேண்டும். ஆகவே திறந்தபின் மேலும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குவது ஏற்றது. அதற்கு மேல் நெடுநேரம் வேகவைத்தால் சதை சுருங்கி இரப்பர் போலாகும். இதனால்தான் மட்டி வறுவலில் வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் முதலில் வதங்க, சதை இறுதியில் சேர்க்கப்படுகிறது. வெந்த நீர் கடலின் உப்பை உடையது. அதைத் தெளியவைத்துச் சுவைத்துப் பார்த்த பின்னரே குழம்புக்கு உப்பிட வேண்டும்.

பிறவெல்லாம் திறந்தபின்னும் மூடியே கிடக்கும் ஓரிரண்டை என் செய்வது? வழக்கம் அவற்றை எறியச் சொல்கிறது. ஆஸ்திரேலிய மீன்வள ஆய்வாளர் நிக் ருயெல்லோ அவ்வாறு மூடிக்கிடந்த கல்லுமக்காய்களைக் கத்தியால் பிளந்து பார்த்தபோது, அவை நன்கு வெந்து உண்ணத்தக்கனவாகவே இருந்தன. தசை ஓட்டைவிட்டு விலகாமையே காரணம். எனினும் வீட்டுச் சமையலில் இரண்டு மட்டிகளை இழப்பது பெரிதன்று. சேறு நிறைந்த ஓடும் அவற்றுள் இருக்கக்கூடும் என்பதால் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

உண்மையான பிழை, திறந்தது யாவும் தீங்கற்றது என நம்புவதாகும். 1981-ஆம் ஆண்டு தமிழகத்தின் வயலூரில் மட்டி உண்டவர்களுள் மூவர் இறந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடலில் சிலவகை நுண்பாசிகள் பெருகும்போது அவற்றின் நஞ்சு மட்டியின் சதையில் சேர்கிறது. அந்நஞ்சால் மட்டி பெரும்பாலும் இறப்பதில்லை; தட்டினால் மூடும், வேகவைத்தால் திறக்கும். மணத்திலும் சுவையிலும் வேறுபாடு தெரியாது. கொதிக்கவைத்தாலும் நஞ்சு அழியாது. உண்டபின் உதடும் நாவும் மரத்து, விரல்களில் ஊறல் தோன்றுவது அதன் முதல் அறிகுறி. அது மூச்சுத்தசைகளை முடக்கும் நிலைக்குச் செல்லக்கூடும் என்பதால், உதடு மரத்த அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.