விடையைக் கேள்வியிலேயே வைத்துப் பாருங்கள்

ஆறு ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு. இன்னும் ஆறு ஆண்டுகள் கழித்து அது இரண்டு மடங்காக இருக்கும். தந்தையின் தற்போதைய வயது என்ன? கொடுக்கப்பட்ட விடைகள்: 18, 24, 30, 36.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவருக்கும் பழக்கமான கணக்குதான் இது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மகனின் வயது x, தந்தையின் வயது 4x என்று எழுதிக்கொள்கிறார் ஒரு மாணவர். ‘ஆறு ஆண்டுகள் கழித்து’ என்று பார்த்ததும் இரண்டு பக்கமும் 6-ஐக் கூட்டுகிறார். 4x + 6 = 2(x + 6) என்றாகிறது. x = 3 என்று வருகிறது. அப்படியானால் தந்தைக்கு அன்று 12, இன்று 18. விடைகளிலும் 18 இருக்கிறது. சந்தேகத்துக்கு ஒருமுறை x = 3 என்பதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறார். இடப்பக்கம் 18, வலப்பக்கமும் 18. சரிபார்த்தாயிற்று என்ற திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அவர் சரிபார்த்தது தான் எழுதிய சமன்பாட்டை மட்டும்தான். கேள்வியைச் சமன்பாடாக மாற்றும்போதே பிழை நேர்ந்திருந்தால், அந்தச் சமன்பாட்டுக்குள் எத்தனை முறை எண்ணைப் போட்டாலும் பிழை தெரியாது. விடையைக் கேள்வியின் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தந்தைக்கு இன்று 18 என்றால் ஆறு ஆண்டுகளுக்கு முன் 12. மகனுக்கு அன்று 3, இன்று 9. ஆறு ஆண்டுகள் கழித்து தந்தைக்கு 24, மகனுக்கு 15. பதினைந்தின் இரு மடங்கு 30 ஆயிற்றே? விடை அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆறு ஆண்டு முன்புக்கும் ஆறு ஆண்டு பின்புக்கும் நடுவில் மொத்தம் 12 ஆண்டுகள் இருக்கின்றன. மாணவர் கூட்டியது 6 மட்டுமே.

இனி 30-ஐச் சோதிப்போம். ஆறு ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு 24, மகனுக்கு 6. நான்கு மடங்கு சரி. இன்று மகனுக்கு 12. ஆறு ஆண்டுகள் கழித்து தந்தைக்கு 36, மகனுக்கு 18. இரண்டு மடங்கும் சரி. மற்ற இரண்டு விடைகளையும் கவனியுங்கள். 24 என்பது தந்தையின் அன்றைய வயது, 36 என்பது வரப்போகும் வயது. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, எந்தக் காலத்து வயதைக் கேட்டார்கள் என்பதை மறப்பவருக்காக வைக்கப்பட்டவை அவை. ‘தற்போதைய’ என்ற ஒரு சொல்லும் ஒரு குறிப்புதான். அதற்கும் விடை பொருந்த வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் குறிப்பை வைத்து மகனின் வயதைக் கண்டுபிடித்துவிட்டு, அதே குறிப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பதில் பயன் இல்லை. எந்த விடையை எடுத்தாலும் அது பொருந்தவே செய்யும். இதுவரை பயன்படுத்தாத குறிப்பில்தான் உண்மையான சோதனை இருக்கிறது.

கடிகாரக் கணக்கில் பிழை வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், நாலரைக்குப் பிறகு, இரு முட்களும் செங்கோணத்தில் அமையும் நேரம் எது? விடைகளில் 4.35 இருந்தால் பலரும் அதைத் தொடுவார்கள். பெரிய முள் 7-இல், சின்ன முள் 4-இல், நடுவே மூன்று கட்டங்கள், 90 பாகை என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் சின்ன முள் 4-இல் நிற்பதில்லை. அது நிமிடத்துக்கு அரைப் பாகை நகர்கிறது, பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை நகர்கிறது. 4.35-க்குப் பெரிய முள் 12-இலிருந்து 210 பாகையில் இருக்கும். சின்ன முள்ளோ 120-ஐத் தாண்டி 137.5 பாகைக்கு வந்திருக்கும். இடைவெளி 72.5 பாகைதான்.

சரியான விடை 4 மணி 38 2/11 நிமிடம். பெரிய முள் 229 1/11 பாகையில், சின்ன முள் 139 1/11 பாகையில். இடைவெளி சரியாக 90. ஆனால் 4 மணி 5 5/11 நிமிடத்தைச் சோதித்தாலும் 90 பாகை வரும். அப்போது சின்ன முள்தான் முன்னால் இருக்கும். கோணத்தை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துபவர் இந்த இரண்டில் முதலில் கண்ணில் படுவதைக் குறித்துவிடுவார். ‘நாலரைக்குப் பிறகு’ என்ற சின்னக் குறிப்புதான் இரண்டையும் பிரிக்கிறது. இரண்டு விடைகள் பொருந்துவதுபோல் தோன்றினால், ஏதோ ஒரு குறிப்பை இன்னும் தொடவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

நாட்காட்டிக் கணக்கில் இந்த முறையைச் சற்று மாற்ற வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை என்றால் 1950 ஜனவரி 26 என்ன கிழமை? இங்கே கிழமையைத் திரும்ப வைத்துப் பார்க்க இரண்டாவது குறிப்பு கிடையாது. அதனால் வந்த வழியை விட்டு வேறு வழியில் திரும்பிப் போய், கொடுத்த வெள்ளிக்கிழமை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் முன்னோக்கிப் போவோம். 1949 ஆகஸ்ட் 15 வரை 731 நாட்கள். நடுவில் 1948 பிப்ரவரி 29 வருவதால் 730-உடன் ஒன்று கூடுகிறது. 7-ஆல் வகுத்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள். அங்கிருந்து ஜனவரி 26 வரை 164 நாட்கள், மீதி மறுபடியும் 3. விடை வியாழன்.

இப்போது ஜனவரி முதல் தேதிகளின் வழியே பின்னோக்கி வருவோம். 1950 ஜனவரி 26 வியாழன் என்றால் அந்த ஆண்டின் ஜனவரி 1 ஞாயிறு. 1949 ஜனவரி 1 சனி. 1948-இல் 366 நாட்கள் என்பதால் அதன் ஜனவரி 1 இரண்டு நாள் பின்னால், வியாழன். அதற்கு 139 நாட்கள் முன்னால் 1947 ஆகஸ்ட் 15. மீதி 6, வியாழனிலிருந்து ஆறு நாள் பின்னால் போனால் வெள்ளி. கேள்வியில் கொடுத்த கிழமையே வந்துவிட்டது. பிப்ரவரி 29-ஐ முதல் வழியில் மறந்திருந்தால் புதன் என்று வந்திருக்கும். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணியிருந்தால் வெள்ளி வந்திருக்கும். வந்த பாதையிலேயே திரும்பினால் அதே பிழை மறுபடியும் நேரலாம். பாதை மாறும்போது அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் வயதுக் கணக்கில் பலர் சமன்பாடே எழுதாமல் விடைகளை ஒவ்வொன்றாகக் கேள்வியில் வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே சோதனையே தீர்வாகிவிடுகிறது. கடிகாரக் கணக்கில் பின்னங்களை விட்டுவிட்டு, முள் எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் என்று பார்த்தாலே பல விடைகள் கழிந்துவிடும். நாட்காட்டிக் கணக்கு ஒன்றுதான் இருமுறை நடக்க வைக்கும். அதைக் கடைசியில் மிஞ்சும் நேரத்துக்கு ஒதுக்கலாம்.

நான்கில் ஒன்றுகூட எல்லாக் குறிப்புகளுக்கும் பொருந்தாமல் போவதும் உண்டு. அப்போது கேள்வியை முதலிலிருந்து சொல் சொல்லாக ஒருமுறை படியுங்கள். ‘முன்’, ‘பின்’, ‘தற்போது’ ஆகியவற்றில் ஒன்றை மாற்றிப் படித்திருக்கலாம். மறுபடியும் பொருந்தவில்லை என்றால் கேள்வியே பிழையாக இருக்கலாம். கிட்டத்தட்ட வரும் விடையைச் சரியென்று நம்பி மல்லுக்கட்டாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எந்த விடை எந்தக் குறிப்பில் தவறுகிறது என்று நீங்கள் போட்டுப் பார்த்த கணக்குதான் அந்த ஆட்சேபத்துக்கு ஆதாரம்.