ஆங்கில அடுக்குப் பெயர்த்தொடர்களைத் தமிழில் விரித்து எழுதுதல்

பல பெயர்ச்சொற்களை இடையில் எந்த இணைப்பும் இன்றி வரிசையாக அடுக்கி, அவை அனைத்தையும் ஒரே பொருளின் பெயராக வழங்குவது ஆங்கிலத் தொழில்நுட்ப நடையின் இயல்பு. டீசல் இன்ஜின் கையேடுகளில் காணப்படும் "ஹை பிரஷர் ஃபியூல் பம்ப் இன்லெட் ஃபில்டர் ஹவுசிங்" என்பது அத்தகைய தொடர். இதில் ஏழு சொற்கள் உள்ளன. எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தழுவுகிறது என்பதைத் தொடர் சொல்வதில்லை. இன்ஜினை அறிந்தவர் அதைத் தாமே ஊகித்துக்கொள்வார். மொழிபெயர்ப்பாளரோ அந்த உறவுகளைக் கண்டறிந்து, தமிழில் வெளிப்பட எழுத வேண்டியவர்.

## சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் உள்ள ஏமாற்று

ஆங்கிலப் பெயர் அடுக்கில் தலைமைச் சொல் கடைசியில் வரும். தமிழிலும் அப்படித்தான். ஆகவே சொற்களின் வரிசையை மாற்றாமலே பெயர்த்துவிடலாம்:

உயர் அழுத்த எரிபொருள் பம்பு நுழைவழி வடிகட்டி கூடு

இது பார்வைக்குத் தமிழாகவே இருக்கிறது. இலக்கணப் பிழை என்று சுட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்த மயக்கம் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. உயர் அழுத்தம் எதற்கு உரியது? எரிபொருளுக்கா, பம்புக்கா, வடிகட்டிக்கா, கூட்டுக்கா?

இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால், மூன்று சொற்களை 2 விதமாகவும், நான்கு சொற்களை 5 விதமாகவும், ஏழு சொற்களை 132 விதமாகவும் குழுவாக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பொருளற்றவை. ஆனாலும் பொருள் தருவது போலத் தோன்றும் தவறான குழுக்கள் இரண்டு மூன்று எப்போதும் எஞ்சும். சிக்கல் அவற்றால்தான் வருகிறது.

## அழுத்தம் எங்கே இருக்கிறது?

மேற்கண்ட தொடரைப் பிரிக்க, காமன் ரெயில் வகை டீசல் இன்ஜினில் எரிபொருள் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்கில் இருந்து டீசல் முதலில் வடிகட்டிக்கு வருகிறது. அங்கிருந்து உயரழுத்தப் பம்புக்குள் நுழைகிறது. இதுவரை உள்ள பகுதியில் அழுத்தம் சில பார் மட்டுமே. சில அமைப்புகளில் பம்பே டேங்கில் இருந்து டீசலை உறிஞ்சுவதால், இந்தப் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பம்பைக் கடந்த பிறகுதான் அழுத்தம் ஏறுகிறது. பல இன்ஜின்களில் அது 1,600 முதல் 2,000 பார் வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் செல்லும்.

பம்பின் உட்பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் அளவே. நுண்ணிய தூசு புகுந்தாலும் தேய்மானம் தொடங்கிவிடும். அதனால்தான் பம்புக்குள் டீசல் நுழையும் வழியில் வடிகட்டி வைக்கப்படுகிறது.

ஆகவே நாம் எடுத்துக்கொண்ட தொடர் குறிக்கும் கூடு, குறைந்த அழுத்தப் பக்கத்தில் இருக்கும் பாகம். "ஹை பிரஷர்" என்னும் சொற்கள் பம்பு செய்யும் வேலையைக் குறிக்கின்றன, கூட்டைக் குறிக்கவில்லை. "உயர் அழுத்த... கூடு" என்று படித்த மாணவர், ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தைத் தாங்கும் பாகம் இது என்று எழுதினால், தவறு அவருடையதன்று, மொழிபெயர்ப்பினுடையது.

## தொகையும் விரியும்

சொற்களுக்கு இடையே வரவேண்டிய உருபு மறைந்து நிற்பதைத் தமிழ் இலக்கணம் தொகை என்கிறது. அந்த உருபை வெளிப்படுத்தி எழுதினால் அது விரி. தொகைநிலைத் தொடர்கள் இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கக்கூடும் என்று நன்னூல் சொல்கிறது. ஆகவே அடுக்குப் பெயர்த்தொடரைப் பிரிப்பதற்குப் புதிய முறை தேவையில்லை. தொகையை விரிக்கும் பழைய பயிற்சியே போதும்.

பம்புகளின் பெயர்களையே பார்ப்போம். தண்ணீர்ப் பம்பு என்பது தண்ணீரை இறைக்கும் பம்பு, இரண்டாம் வேற்றுமை. கைப்பம்பு என்பது கையால் இயக்கும் பம்பு, மூன்றாம் வேற்றுமை. டீசல் பம்பு என்பது எது? வயலில் அது டீசலால் ஓடும் பம்பு செட். இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் அது டீசலை அனுப்பும் பம்பு. இலக்கணம் மட்டும் இதற்கு விடை தராது. இடம் தெரிய வேண்டும். இடம் தெரியாத வாசகருக்காக எழுதும்போது "டீசலால் இயங்கும்" என்றோ "டீசலை அனுப்பும்" என்றோ விரித்தாக வேண்டும்.

## பின்னிருந்து பிரித்தல்

தொடரின் கடைசிச் சொல்லில் தொடங்கி, முன்னோக்கி ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து, "இது எதைச் சேர்ந்தது, என்ன உறவில்?" என்று கேட்பதே முறை.

1. ஹவுசிங்: இதுதான் தலைமைச் சொல். சொல்லப்படும் பொருள் ஒரு கூடு.
2. ஃபில்டர்: கூட்டுக்குள் இருப்பது வடிகட்டி. எனவே "வடிகட்டியின் கூடு".
3. இன்லெட்: இது வடிகட்டியின் நுழைவழியா, வடிகட்டி இருக்கும் நுழைவழியா? வடிகட்டியின் நுழைவழி என்றால் ஆங்கிலத்தில் "ஃபில்டர் இன்லெட்" என்று வரிசை மாறியிருக்கும். எனவே "நுழைவழியில் உள்ள வடிகட்டி".
4. பம்ப்: நுழைவழி பம்பினுடையது. "பம்பின் நுழைவழி".
5. ஃபியூல்: பம்பு செலுத்தும் பொருள் எரிபொருள். "எரிபொருள் பம்பு".
6. ஹை பிரஷர்: இவ்விரண்டு சொற்களும் முதலில் தமக்குள் சேர்ந்து "உயரழுத்தம்" ஆகின்றன. நுழையும் எரிபொருளில் உயரழுத்தம் இல்லை; அதை உண்டாக்குவது பம்பு. எனவே இது பம்பைச் சேர்ந்தது.

மூன்றாம், ஆறாம் படிகளில் ஐயம் எழுந்தால் அகராதி உதவாது. கையேட்டிலேயே இருக்கும் பாகங்களின் படத்தையோ எரிபொருள் பாதையின் வரைபடத்தையோ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## தமிழில் கட்டுதல்

உறவுகள் தெரிந்த பிறகு அவற்றை எப்படிக் காட்டுவது? "பழைய பள்ளிக் கட்டடம்" என்றால் பழையது பள்ளியா, கட்டடமா என்பது தெரியாது. "பழைய பள்ளியின் கட்டடம்" என்றால் பழையது பள்ளி. "பள்ளியின் பழைய கட்டடம்" என்றால் பழையது கட்டடம். இங்கே இரண்டு கருவிகள் வேலை செய்கின்றன. 'இன்' என்பது வேலி போல நின்று, முன்னே வந்த அடைமொழி தாண்டிச் செல்லாமல் தடுக்கிறது. அடைமொழியை அது தழுவும் சொல்லுக்கு மிக அருகில் வைப்பது இரண்டாவது கருவி.

இவற்றைக் கொண்டு நம் தொடரை இப்படிக் கட்டலாம்:

எரிபொருள் உயரழுத்தப் பம்பின் நுழைவழியில் உள்ள வடிகட்டிக் கூடு

"உயரழுத்த" என்பது சேர்த்து எழுதப்பட்டு, பம்பை ஒட்டி நிற்கிறது. 'இன்' வந்ததும் அதன் ஆட்சி முடிந்துவிடுகிறது. "வடிகட்டிக் கூடு" என்பதில் உள்ள ஒற்று, அவ்விரண்டும் ஒரே பொருளின் பெயர் என்று காட்டுகிறது.

நுழைவழியில் உள்ளது வடிகட்டியா, கூடா என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும் அங்கேதான் உள்ளன. எப்படிப் படித்தாலும் தவறில்லை. வாசகரைத் தவறான பாகத்துக்கு இட்டுச் செல்லும் மயக்கத்தை மட்டும் நீக்கினால் போதும். ஒவ்வோர் இணைப்பிலும் உருபு சேர்த்தால் "பம்பின் நுழைவழியின் வடிகட்டியின் கூட்டின் மூடி" என்று படிக்க இயலாத தொடராகிவிடும்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். "நுழைவாய்" என்ற சொல்லை எடுத்தால் ஏழாம் வேற்றுமையில் அது "நுழைவாயில்" ஆகும். வாசல் என்னும் பொருளுடைய வேறு சொல்லும் அதுவே. "நுழைவழியில்" என்பதில் இந்தக் குழப்பம் இல்லை. "உறை" என்றால் மேலே போர்த்தும் உறை என்றும் பொருள்படும். "கூடு" அந்த எண்ணத்தைத் தருவதில்லை. பட்டறை வழக்கில் எழுதுவதானால் "எரிபொருள் உயரழுத்தப் பம்பின் இன்லெட்டில் உள்ள ஃபில்டர் ஹவுசிங்" எனலாம். மயக்கத்தை நீக்குவது உருபுகளே. சொற்கள் தமிழா, கடன்சொல்லா என்பது வேறு கேள்வி.

## ஒரு சொல் மாறினால்

அதே கையேட்டில் "ஹை பிரஷர் ஃபியூல் பம்ப் அவுட்லெட் பைப்" என்ற தொடரும் வரக்கூடும். தொடக்கம் ஒன்றே. "இன்லெட்" இருந்த இடத்தில் "அவுட்லெட்" வந்திருக்கிறது. முன்னைய அமைப்பையே பின்பற்றினால் "எரிபொருள் உயரழுத்தப் பம்பின் வெளிவழிக் குழாய்" என்று வரும். இலக்கணப்படி இது சரி. ஆனால் இந்தக் குழாயில் உண்மையாகவே உயரழுத்தம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது இதன் இணைப்பைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். வெளியே சிறு புள்ளிபோலத் தெரிந்தாலும் அது உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம்.

முந்தைய தொடரில் 'இன்' வேலியிட்டுத் தடுத்த பொருளை இங்கே வேலிக்கு அப்பால் மீண்டும் சொல்ல வேண்டியுள்ளது:

எரிபொருள் உயரழுத்தப் பம்பில் இருந்து உயரழுத்தத்தில் டீசலைக் கொண்டுசெல்லும் குழாய்

ஆங்கிலத்தில் ஒருமுறை வந்த சொல் தமிழில் இருமுறை வருகிறது. பாதுகாப்புக் குறிப்புகளில் இது மிகை ஆகாது.

## பட்டியலிலும் பத்தியிலும்

விரித்த தொடர் நீளமானது. ஒரு பத்தியில் பத்துமுறை அதையே எழுத முடியாது. முதல்முறை முழுத் தொடரையும் தந்து, பிறகு "வடிகட்டிக் கூடு" என்று சுருக்கலாம். அதே கையேட்டில் வேறொரு வடிகட்டிக் கூடும் பேசப்பட்டால் "நுழைவழி வடிகட்டிக் கூடு" என்பது வரைதான் சுருக்கலாம். ஒரு பாகத்துக்கு ஓர் இடத்தில் "கூடு" என்றும் வேறிடத்தில் "உறை" என்றும் எழுதினால், அவை இரண்டு பாகங்கள் என்று வாசகர் எண்ணுவார்.

பாகங்களின் பட்டியலில் "உள்ள" போன்ற எச்சங்கள் பொருந்தாது. அங்கே தலைமைச் சொல்லை முன்னே கொண்டுவந்து, இடத்தைக் காற்புள்ளிக்குப் பின் தரலாம்: "வடிகட்டிக் கூடு, உயரழுத்தப் பம்பின் நுழைவழி". அகர வரிசையில் தேடுபவருக்கும் பாகத்தின் பெயர் முதலில் கிடைக்கும்.

விரித்தது சரிதானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கில மூலத்தைப் பாராத ஒருவரிடம் தமிழ்த் தொடரை மட்டும் தந்து, பாகங்களின் படத்தில் அதைச் சுட்டச் சொல்ல வேண்டும். அவர் விரல் பம்பின் வெளிப்பக்கம் சென்றால் தொடரை மீண்டும் விரிக்க வேண்டும்.